படிக்கெட்டு

ஒரு கண்டக்டர் எழுதிய புத்தகத்தில் ‘டிக்கெட்’ என்ற சொல் எத்தனை தடவை வரும் என்று யாரும் எண்ணிப் பார்க்க மாட்டார்கள். நான் எண்ணியிருக்கிறேன். எத்தனை தடவை என்பதைவிட எத்தனை வேஷத்தில் வந்தது என்பதுதான் என் வேலைக்கு வேண்டியது. டிக்கெட், டிக்கட், டிக்கெட்டு, டிக்கட்டு, ஓரிடத்தில் மட்டும் டிகெட். ஒரே பக்கத்தில் மூன்று வேஷங்கள் வந்திருந்தன.

எழுதியவர் திண்டுக்கல்லிலிருந்து வத்தலக்குண்டு வழியாகக் கொடைக்கானல் ஏறும் பஸ்ஸில் பல வருடம் விசில் ஊதியவர். ஓய்வுபெற்ற பிறகு தன் கதையை எழுத உட்கார்ந்தார். முதல் நான்கு அத்தியாயங்களை நோட்டில் எழுதி, பக்கத்து டிடிபி கடையில் கொடுத்து அடித்து வாங்கினார். அதற்கு ஆன செலவைப் பார்த்துவிட்டு, மீதியைத் தன் செல்போனில் கட்டைவிரலாலேயே அடித்துத் துண்டுதுண்டாகப் பதிப்பாளருக்கு அனுப்பினார். எல்லாவற்றையும் ஒரே கோப்பாக ஒட்டி, “கொஞ்சம் ஸ்பெல்லிங் மட்டும் பாத்துடுங்க” என்று எனக்கு அனுப்பினார்கள். இருபத்தாறு வருடமாக மெய்ப்புப் பார்க்கிறேன். ‘கொஞ்சம்’, ‘மட்டும்’ என்ற இரண்டு சொற்களும் சேர்ந்து வந்தால் ஒரு மாத வேலை என்று அர்த்தம்.

நான் அச்சகத்தில் சேர்ந்த காலத்தில் பிழைகள் கைத்தவறுகளாக இருந்தன. எழுத்து விட்டுப்போகும், கால் மாறி விழும், ஒரு வரி இரண்டு தரம் வரும். கண்ணுக்கு அகப்பட்டுவிடும். செல்போனில் அடித்த உரையில் அப்படிப்பட்ட பிழை குறைவு. கட்டைவிரல் ‘டிக்’ வரை போனதும் மேலே மூன்று சொற்கள் வரிசையாக வந்து நிற்கும். எது முதலில் நிற்கிறதோ அதைத் தொட்டுவிடுவார்கள். நேற்று தொட்டதை இன்று முதலில் காட்டும். அதனால் ஒரு சொல் மூன்று அத்தியாயங்களுக்கு ஒரு மாதிரி வந்து, அப்புறம் திடீரென்று மாறும். பத்தாவது அத்தியாயத்தில் எல்லாமே மாறியதைப் பார்த்து, “சார், இங்கே புது போன் வாங்கினீங்களா?” என்று கேட்டேன். “மகன் வாங்கிக் குடுத்தான்மா, எப்படிக் கண்டுபிடிச்சீங்க?” என்றார்.

இப்படிப்பட்ட கோப்பு வந்தால் நான் முதலில் படிப்பதில்லை. எல்லாச் சொற்களையும் பிரித்து, எது எத்தனை தடவை வருகிறது என்று அகரவரிசையில் ஒரு பட்டியல் எடுப்பேன். படித்துக்கொண்டே திருத்தினால் முதல் அத்தியாயத்தில் ஒரு முடிவும் ஏழாவது அத்தியாயத்தில் வேறு முடிவும் எடுத்திருப்போம், நமக்கே தெரியாது. பட்டியலில் டெப்போவும் டிப்போவும் டிபோவும் ஒரே பார்வையில் கிடைக்கும்.

அந்தப் பட்டியலில்தான் ‘டிரைவர்’ இரண்டு தடவை இருந்தது. இரண்டும் பார்வைக்கு ஒன்றுதான். ஒன்றைத் தேடினால் மற்றது கிடைக்காது. டிடிபி கடையில் பழைய எழுத்துருவில், தட்டச்சுப் பலகை முறையில் அடித்து, பிறகு யுனிகோடுக்கு மாற்றியிருக்கிறார்கள். ரகரத்துக்கும் துணைக்காலுக்கும் அச்சில் பெரிய வித்தியாசம் கிடையாது என்பதால், ‘ர்’ வரவேண்டிய இடத்தில் காலை அடித்து அதன்மேல் புள்ளி வைத்திருக்கிறார்கள். ‘டிரைவா்’. கண் ஏமாந்துவிடும், கணினி ஏமாறாது. இதற்கு முன்னால் ஏகாரம் வந்தால் இன்னும் கூத்து. ஏகாரக் கொம்பும் காலும் பக்கத்தில் நின்றால் கணினி இரண்டையும் சேர்த்து ஓகாரமாக எடுத்துக்கொள்ளும். ‘சேர்ந்த’ என்பது ‘சோ்ந்த’ ஆகிவிடும். இதைத் திருத்துவது மட்டும் சுலபம். தமிழில் ஓர் எழுத்துக்கு உயிர்க்குறியும் புள்ளியும் ஒருசேர வரவே வராது. ஆகவே வந்த இடமெல்லாம் பிழைதான், யோசிக்காமல் மாற்றலாம்:

```
\u0BBE\u0BCD  →  \u0BB0\u0BCD          (ா் → ர்)
\u0BCB\u0BCD  →  \u0BC7\u0BB0\u0BCD    (ோ் → ேர்)
```

இந்தப் புத்தகத்தில் நான் யோசிக்காமல் மாற்றியது இவை மட்டும்தான்.

எந்த எழுத்துக்கூட்டலை வைத்துக்கொள்வது என்பதற்கு எல்லோரும் ஆங்கில உச்சரிப்பைத்தான் முதலில் தேடுவார்கள். நான் தமிழ் வாசகரின் வாயைத் தேடுவேன். தமிழில் இரண்டு உயிர்களுக்கு நடுவில் ஒற்றையாக நிற்கும் வல்லினம் இளகிவிடும். ‘டிபோ’ என்று எழுதினால் பகரம் ‘சோபா’வில் வருவதுபோல ஒலிக்கும். அழுத்தமாக ஒலிக்க வேண்டுமானால் இரட்டிக்க வேண்டும். ரப்பர், பேப்பர், ஆட்டோ எல்லாம் அப்படி வந்தவைதான். ஆகவே டிகெட், டிபோ இரண்டும் முதலிலேயே கழிந்தன. டிப்போவா டெப்போவா என்பதற்கு அவருக்குப் போன் போட்டேன். கேள்வியைச் சொல்லாமல், “சார், ராத்திரி வண்டியை எங்கே விடுவீங்க?” என்றேன். “டெப்போலதான்.” முடிந்தது.

சொல்லின் கடைசியில் வரும் ட் இன்னொரு தொல்லை. அவர் ‘போர்டை மாட்டினேன்’ என்றும் எழுதியிருந்தார், ‘போர்ட்டை மாட்டினேன்’ என்றும் எழுதியிருந்தார். முன்கண்ணாடியில் ஊர்ப் பெயரோடு மாட்டும் பலகை அது. மெல்லிய ஒலியில் முடிகிற சொற்களுக்கு உகரம் கொடுத்துவிடுவது என் வழக்கம்: போர்டு, கார்டு, ரோடு. வேற்றுமை உருபு சேரும்போது உகரம் போய், டகரம் ஒற்றையாக நிற்கும்: போர்டை, கார்டில், ரோட்டில். கடைசியில் நிற்பதைப் பார்த்தீர்களா? ரோடு மட்டும் வீடு, காடு கூட்டத்தில் சேர்ந்துகொண்டு இரட்டித்துவிட்டது. எத்தனையோ வருடமாக ஊரில் புழங்குகிற சொல், அதற்கு விதி சொல்ல நான் யார்? வல்லொலியில் முடிகிறவற்றை ட் என்றே விட்டு, உருபு சேரும்போது இரட்டிப்பேன்: கோர்ட்டில், டிக்கெட்டை, பாஸ்போர்ட்டுக்கு. பஸ் விஷயத்தில் பழைய இலக்கணமே கைகொடுக்கும். தனிக்குறிலுக்குப் பின் வரும் ஒற்று, உயிர் வந்தால் இரட்டும். கல் கல்லில் ஆவதுபோலப் பஸ் பஸ்ஸில் ஆகும். கேஸ் நெடில் என்பதால் கேஸில்தான். பஸில் என்று எழுதுகிறவர்களும் உண்டு. எனக்கு அது பாதி இறங்கியதும் வண்டி கிளம்பிவிட்டதுபோலத் தெரியும்.

ஸ்டியரிங், ஸ்டீரிங், ஸ்டேரிங் என்று மூன்றும் இருந்தன. பதிப்பகத்தில் ஒருவர், ஸ்டியரிங்தானே சரி என்றார். வண்டி ஓட்டுகிறவர்கள் யாரும் அப்படிச் சொல்லிக் கேட்டதில்லை. லாரிப் பட்டறையிலும் டெப்போவிலும் அது ஸ்டேரிங். அந்தத் தொழிலில் இருந்தவர் எழுதிய புத்தகத்தில் அந்தத் தொழிலின் சொல் இருக்கட்டும் என்று ஸ்டேரிங்கை எல்லா இடத்திலும் வைத்தேன். ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்பதுதான் என் பொறுப்பு. ஆங்கிலத்துக்கு நெருக்கமாக இருக்க வேண்டும் என்று யாரும் என்னிடம் கேட்கவில்லை. பேச்சாக வரும் இடங்களையும் தொடவில்லை. “டிக்கட்டு! டிக்கட்டு!” என்று அவர் கூவினால் அது டிக்கட்டுதான்.

இப்போது என் குற்றத்துக்கு வருகிறேன்.

டிக்கட்டை டிக்கெட்டாக்குவது என்று முடிவானது. பேச்சுப் பகுதிகளுக்கு அடையாளம் போட்டு ஒதுக்கிவிட்டு, மீதி முழுவதிலும் ‘டிக்கட்’ என்பதைத் தேடி ‘டிக்கெட்’ என்று மாற்றச் சொன்னேன். கடைசியில் ட் வரைதான் கொடுத்தேன். அப்போதுதான் டிக்கட்டை, டிக்கட்டுக்கு, டிக்கட்டோடு எல்லாம் அகப்படும். ஒரு நொடியில் முடிந்தது. இத்தனை இடங்களில் மாற்றியாயிற்று என்று திரையில் ஓர் எண் வந்தது. சரி என்று தட்டிவிட்டு அடுத்த சொல்லுக்குப் போனேன்.

பக்கம் அமைத்து அச்சுப் பிரதி கைக்கு வந்தது. மூன்றாம் அத்தியாயத்தில் ஒரு பையன் ‘படிக்கெட்டில்’ தொங்கிக்கொண்டு வந்தான். அடுத்த பக்கத்தில் ஒரு பாட்டி ‘படிக்கெட்டில்’ கால் வைக்க முடியாமல் தவித்தார். ப, டி, க், க, ட், டு. படிக்கட்டுக்குள்ளே முழு டிக்கட்டும் உட்கார்ந்திருக்கிறது. இத்தனை வருடத்தில் எனக்கு அது தோன்றியதே இல்லை. ஒரு கண்டக்டரின் புத்தகத்தில் டிக்கெட்டுக்கு அடுத்தபடி அதிகம் வரும் சொல் படிக்கட்டு. எல்லாப் படிக்கட்டையும் நான் கெடுத்திருந்தேன். எழுத்துப்பிழை மாதிரிகூடத் தெரியவில்லை, ‘படி கெட்டு’ என்று ஏதோ பழஞ்சொல் மாதிரி நிமிர்ந்து நின்றது. அமைப்பவரும் கவனிக்கவில்லை, பதிப்பாளரும் கவனிக்கவில்லை.

திரும்பிப் போய்ப் பார்த்தபோது தடயம் முதலிலேயே இருந்தது தெரிந்தது. சொற்பட்டியலில் டிக்கட் என்று தொடங்கும் வடிவங்களைக் கூட்டி, பேச்சில் வருபவற்றைக் கழித்தால் ஓர் எண் வருகிறது. திரையில் வந்த எண் அதைவிடப் பெரியது. அந்த வித்தியாசம் முழுவதும் படிக்கட்டுதான். அன்றிலிருந்து மாற்றுவதற்கு முன்னால் பட்டியலில் கூட்டிய எண்ணைக் காகிதத்தில் எழுதிவைத்துக்கொள்கிறேன். திரையில் வருவது அதோடு பொருந்தாவிட்டால் உடனே பழையபடி திருப்பிவிடுவேன். தேடும் முறையையும் மாற்றிக்கொண்டேன்:

```
(?<![\u0B80-\u0BFF])டிக்கட்
```

இதற்கு முன்னால் தமிழ் எழுத்து எதுவும் இருக்கக் கூடாது என்பது பொருள். படிக்கட்டு தப்பிவிடும். பின்பக்கம் திறந்தே இருப்பதால் உருபு சேர்ந்த வடிவங்கள் கிடைக்கும். முழுச்சொல் மட்டும் தேடு என்ற கட்டத்தைத் தட்டினால் போதாதா என்று கேட்பார்கள். தமிழில் பெயர்ச்சொல் தனியாக நிற்பதே அபூர்வம். முழுச்சொல்லைத் தேடினால் டிக்கட் மாறும், டிக்கட்டை மாறாது. சில மென்பொருள்களில் புள்ளியையும் கொம்பையும் எழுத்தாகவே கணக்கில் எடுப்பதில்லை, சொல்லின் நடுவிலேயே எல்லை வந்துவிட்டது என்று நினைத்துக்கொள்ளும்.

இந்த வேலியும் எல்லாவற்றையும் காக்காது. போன் என்பதற்கு ஆய்தம் சேர்க்க ஆசைப்பட்டால், முன்பக்கம் வேலி போட்டும் ‘போன்ற’ எல்லாம் ‘ஃபோன்ற’ ஆகும். பின்பக்கத்தையும் அடைத்தால் போனில், போனை கிடைக்காது. ‘போனால்’ என்பது போய்விட்டால் என்பதா, போனைக் கொண்டு என்பதா, ஆளைக் கேட்டால்தான் தெரியும். ஆய்தம் போடுகிறவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. காபியும் ஆபீஸும் அது இல்லாமலே ஊறிப்போனவை, அவற்றில் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டாம் என்பேன். தலையில் ஊர்கிற பேனும் மேலே சுழல்கிற ஃபேனும் ஒரே அத்தியாயத்தில் வந்தால் மட்டும் கட்டாயம் போடுவேன்.

சீட்டு விஷயத்தில் எழுத்துக்கூட்டலே உதவவில்லை. உட்காரும் சீட்டும் ‘சீட்டில்’தான், துண்டுக் காகிதமும் ‘சீட்டில்’தான். ‘சீட்டில் பேனாவால் எழுதியிருந்தது’ என்று ஒரு வாக்கியம். இருக்கையிலா, காகிதத்திலா? கேட்டேன். இருக்கையின் முதுகில் காதலர்கள் எழுதிவிட்டுப் போனதாம். ‘சீட்டின் முதுகில்’ என்று போட்டுத் தந்தார்.

அடுத்தது ஒட்டும் வெட்டும். செல்போன் காட்டும் சொல்லைத் தொட்டதும் அதன் பின்னால் ஓர் இடைவெளி தானாக விழுந்துவிடும். டீ என்று தொட்டு, கடை என்று தொட்டால் ‘டீ கடை’. சேர்த்து எழுதியிருந்தால் இருந்திருக்கும் க், இரண்டு சொற்களின் பொருத்துவாயில் இருக்கிற எழுத்து. அந்த இடத்தில் இடைவெளி விழுந்ததும் ஒற்றுக்கு உட்கார இடமில்லாமல் போகிறது. ‘வேலை காரர்’, ‘லாரி காரர்’, ‘ஏறி கொண்டார்’ எல்லாம் அப்படித்தான் வருகின்றன. எழுதுகிறவருக்கு இலக்கணம் தெரியாததால் அல்ல, வாயால் சொல்லச் சொன்னால் டீக்கடை என்றுதான் சொல்வார். இடைவெளியை எடுக்கும்போதே ஒற்றையும் திருப்பித் தர வேண்டும். எடுத்துவிட்டு மறந்தால் ‘டீகடை’ என்று இரண்டுங்கெட்டானாக நிற்கும். கடன்சொல்லுக்குப் பின் தமிழ்ச்சொல் வந்தால் ஒற்றுப் போடுவேன்: டீக்கடை, லாரிக்காரர், காபித்தூள். இரண்டுமே கடன்சொல் என்றால் பிரித்து, ஒற்றில்லாமல் விடுவேன்: டீ பார்ட்டி, டூட்டி கார்டு. இது என் மேசையின் சட்டம், இலக்கணம் அல்ல.

வினைகளில்தான் நேரம் போகும். வந்து விட்டது, ஏறிக் கொண்டான், பார்த்துக் கொண்டு இருந்தார் என்று எல்லாம் துண்டாக வந்திருந்தன. துணைவினையைச் சேர்த்து எழுதுவது என்பது நான் பழகிய முறை. எது துணைவினை என்று தெரிய ஒரு சின்னச் சோதனை வைத்திருக்கிறேன். இரண்டு வினைகளுக்கும் நடுவில் வேறொரு சொல்லை நுழைத்துப் பார்ப்பேன். ‘சில்லறையை எண்ணிக் கொடுத்தேன்’ என்பதில் ‘எண்ணி அவர் கையில் கொடுத்தேன்’ என்று நுழைக்க முடிகிறது. கொடுப்பது நிஜமான கொடுப்பது, பிரிந்தே இருக்கலாம். ‘வண்டியிலேயே தூங்கி விட்டேன்’ என்பதில் நடுவே எதை நுழைத்தாலும் வாக்கியம் உடையும். விட்டேன் என்பதில் எதையும் விடவில்லை. சேர்த்தாக வேண்டும்.

மொத்தமாக மாற்றும் வேலையை இங்கே அறவே தொடுவதில்லை. அதற்கும் காரணம் இந்தப் புத்தகம்தான். ஓரிடத்தில், ‘குடையை விட்டு விட்டு இறங்கிப் போனார்’ என்று இருந்தது. சேர்த்தால் சரியாகிவிடும்: விட்டுவிட்டு. வேகமாக அடுத்ததற்குப் போய்க்கொண்டிருந்தேன். மலையிறக்கத்தைப் பற்றிய அத்தியாயம் வந்தது. மழையில் வண்டி இறங்குகிறது, டிரைவர் ‘பிரேக்கை விட்டு விட்டு அழுத்தினார்’. கை தானாகச் சேர்க்கப் போய் நின்றது. இறக்கத்தில் ஒரேயடியாக மிதித்துக்கொண்டே வந்தால் பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போகும். ஆகவே மிதித்து, விட்டு, மறுபடி மிதிப்பார்கள். சேர்த்திருந்தால் டிரைவர் பிரேக்கைக் கைவிட்டு வேறெதையோ அழுத்தியிருப்பார், நாற்பது பேரோடு வண்டி பள்ளத்தில் இருந்திருக்கும்.

சேர்த்தாலும் பிரித்தாலும் தீராதவையும் உண்டு. ‘டிரைவர் கூட இறங்கிவிட்டேன்’ என்றால் அவரோடு நானும். ‘டிரைவர் கூட இறங்கிவிட்டார்’ என்று இருந்தால் யார் இறங்கியது? டிரைவரே இறங்கிவிட்டாரா, டிரைவரோடு வேறு யாராவதா? என்கூட, நான்கூட என்று வந்தால் என், நான் என்ற வடிவமே காட்டிக்கொடுத்துவிடும். டிரைவருக்கு அந்த வசதி இல்லை. போன் செய்தேன்.

“அன்னிக்கி இறங்கினது செக்கர்மா. டிரைவரோட சேர்ந்து இறங்கிப் போய் டயரப் பாத்தாரு.”

“செக்கர் அந்த வாக்கியத்துலயே இல்லையே சார்.”

“முன்னாடி பக்கத்துல இருக்காரேம்மா.”

‘செக்கர் டிரைவரோடு இறங்கிவிட்டார்’ என்று எழுதிக்கொண்டேன்.

வேலை முடிவில் அமைப்பவருக்கு இரண்டு பக்கத்தில் ஒரு சொற்குறிப்பு கொடுப்பது வழக்கம். டிக்கெட், டெப்போ, ஸ்டேரிங், போர்டு என்று எடுத்த முடிவெல்லாம் அதில் இருக்கும். அரசுக் கடிதம் வரும் இடங்களில் புத்தகம் எழுதியவர் கண்டக்டரை விட்டு, நடத்துனர் என்று எழுதியிருந்தார். செய்கிறவரைக் குறிக்கும் விகுதி நர் என்பதால் நடத்துநர், ஓட்டுநர் என்று எல்லாவற்றையும் மாற்றினேன், ஓரிடம் தவிர. அவர் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் ஏறிய பஸ்ஸில், பின்வாசலுக்குப் பக்கத்து இருக்கையின் மேலே ‘நடத்துனர்’ என்று மஞ்சள் பெயின்டில் எழுதியிருந்ததாம். அதைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் உட்காராமல் நின்றேன் என்று எழுதியிருந்தார். பெயின்டர் எழுதியதைத் திருத்த எனக்கு அதிகாரம் இல்லை. குறிப்பில் அந்தப் பக்க எண்ணைப் போட்டு, ‘வண்டியில் எழுதியிருந்தபடி, மாற்ற வேண்டாம்’ என்று சிவப்பில் எழுதினேன்.

கடைசிப் பிரதி வந்தபோது அமைப்பவர் அதையும் நடத்துநர் ஆக்கியிருந்தார். “ஒண்ணே ஒண்ணு விட்டுப்போயிருந்துச்சுக்கா, நானே பாத்துச் சரி பண்ணிட்டேன்” என்றார். நகரத்தை அடித்துப் பக்கத்தில் ‘ன’ என்று எழுதித் திருப்பி அனுப்பினேன்.